அபிராமிக்கும் முரளிக்கும் போட்ட எட்டு கார்டு

அபிராமி,

நேற்று நீ முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து கலைத்துக் கொடுத்த டாரோ கார்டுக் கட்டிலிருந்து எடுத்த எட்டு கார்டுக்குமான பலன் இது. பேசும்போது நீ பாதியைக் காதில் வாங்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் எழுதி அனுப்புகிறேன். முரளி தம்பிக்கும் அப்படியே அனுப்பலாம், அவரிடம் மறைக்க வேண்டிய வரி எதுவும் இதில் இல்லை.

நீ கேட்டது மூன்று: அவருக்கு உறுதி இருக்கிறதா, கல்யாணம் எப்போது, ஜவுளிக்கடை வேலையை இப்போதே விட்டுவிடலாமா. மூன்றாவதற்கு நான் கார்டு எடுக்கவில்லை. சம்பளத்தைக் கார்டிடம் கேட்கக் கூடாது என்பது என் வழக்கம்.

அவர் பாரிஸில் இருப்பதால் பிரெஞ்சுக் கார்டுக் கட்டை வைத்துப் பார்க்கக் கூடாதா என்றாய். மர்செய் என்கிற அந்தக் கட்டின் எண் கார்டுகளில் காட்சி கிடையாது, வாளும் கோப்பையும் எண்ணிக்கைக்கு அடுக்கியிருக்கும், அவ்வளவுதான். தூர உறவைப் பார்க்க எனக்கு முகம் வேண்டும், நிலம் வேண்டும். அதனால் 1909-இல் வந்த ரைடர் வெய்ட் கட்டையே எடுத்தேன்.

பாயில் போட்ட முறை: இடப்பக்கம் நீ, வலப்பக்கம் அவர், நடுவில் கடல். அதற்குக் கீழே உன் உறுதி, அவர் உறுதி, இரண்டையும் கட்டும் கயிறு. கடைசி வரிசையில் காலத்துக்கு இரண்டு.

உனக்கு வந்தது நைன் ஆஃப் வாண்ட்ஸ். தலையில் கட்டுப் போட்டவன் கம்பில் சாய்ந்து நிற்கிறான். களைப்பு. மூன்று வருடமாகக் காத்திருப்பவளுக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம். அவருக்கு எய்ட் ஆஃப் பென்டக்கிள்ஸ். பட்டறையில் உட்கார்ந்து ஒரே காசைத் தட்டிக்கொண்டிருக்கிறான், ஊர் தூரத்தில் தெரிகிறது. சமையற்கட்டில் நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்கிறவருக்குப் பொருத்தமான கார்டுதான். வேறு பெண் இருக்கிறாளா என்று நீ வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: இந்த எட்டில் அப்படி ஒரு முகம் விழவில்லை.

கடலுக்கு எய்ட் ஆஃப் வாண்ட்ஸ். எட்டுக் கம்புகள் வானத்தில் பறக்கின்றன. சேதி வேகமாகப் போய்வரும் என்று பலன் சொல்வார்கள். நான் பார்த்தது வேறு: அந்தப் படத்தில் மனிதரே இல்லை. வாய்ஸ் மெசேஜ், ஸ்டிக்கர், சாப்பாட்டு போட்டோ எல்லாம் பறக்கின்றன, உட்கார்ந்து பேச ஆள் இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று பிரான்சில் கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்கள், இப்போது உங்களுக்குள் நாலரை மணி நேர வித்தியாசம். அவருக்கு ஓய்வு மூன்றிலிருந்து ஆறு மணி வரை. கோடையில் நீ கடையை விட்டு ஒன்பதுக்கு வெளியே வந்தால் அவருக்கு அரை மணிதான் மிச்சம். இப்போது ஒன்றரை மணி கிடைக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு வரைதான் இந்த வசதி, அதற்குள் பேச வேண்டியதைப் பேசிவிடு.

இனி உறுதி. இதற்காகத்தானே வந்தாய்.

உன் இடத்தில் டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ். அந்தப் படத்தை இன்னொரு தரம் பார். ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு வாளை நெஞ்சில் குறுக்காகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் கடல், பாறை, மேலே பிறை. நம் கடற்கரைச் சாலையில் கருங்கல்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரியே இருக்கிறாள். அந்தக் கண்கட்டை யாரும் கட்டிவிட்டதாகப் படத்தில் இல்லை. நேற்று நீதான் சொன்னாய், அம்மாவிடம் இன்னும் பேச்சே எடுக்கவில்லை என்று. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கு இரண்டு தடவை காபி கொடுத்திருக்கிறாய். அவர் உறுதியைத் தேடி என்னிடம் வந்தவளுக்கு, தயக்கத்தின் கார்டு சொந்த இடத்திலேயே விழுந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

அவர் இடத்தில் நைட் ஆஃப் பென்டக்கிள்ஸ். நாலு குதிரை வீரர்களில் இவன் குதிரை மட்டும்தான் அசையாமல் நிற்கும். கையில் ஒரு காசு, முன்னால் உழுத நிலம். இவன் ஏமாற்ற மாட்டான். ஆனால் கேட்காமல் அசையவும் மாட்டான். “பாக்கலாம்” என்று அவர் சொல்வதாகச் சொன்னாயே, அது இந்தக் கார்டின் பேச்சு. அதற்கு மறுப்பு என்று பொருள் கிடையாது, தேதி என்றும் பொருள் கிடையாது.

கயிறாக வந்தது ஹைரோஃபன்ட். குருவின் முன்னால் இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள், காலடியில் சாவி இரண்டு. இந்தக் கார்டு நேராக விழுந்தால் உறவு பெரியவர்கள் வழியாகவும் காகிதம் வழியாகவும்தான் நிற்கும். ஓடிப்போய்த் தாலி கட்டும் கதை உங்களுக்கு இல்லை. முரளி அப்பா வழியில் பிரெஞ்சுத் தேசியம் உள்ளவர். இங்கே கல்யாணம் நடந்தாலும் முன்னதாகத் தூதரகத்தில் மனு கொடுத்து, அறிவிப்பு 10 நாள் பார்வைக்கு இருந்து, சான்றிதழ் வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அங்கே பதிவு, அதற்குப் பிறகு உன் விசா. இது கார்டு சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல, புதுச்சேரியில் பாதித் தெருவுக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு கார்டுக்கு நடுவில் இந்தக் குரு வந்து உட்கார்ந்தது எனக்குத் திருப்தி.

காலத்துக்கு முதலில் ஹேங்ட் மேன். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான், முகம் மட்டும் நிம்மதியாக இருக்கிறது. கார்த்திகையும் மார்கழியும் இப்படியே போகும். நாள் குறிக்க அவசரப்படுத்தாதே.

இரண்டாவது ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ். இதைத் திருப்பியபோது நீ சிரித்துவிட்டாய். நாலு கால் நட்டு மாலை கட்டியிருந்தால் நம் கண்ணுக்கு அது பந்தல்தான். காலக் கணக்கில் இரண்டு முதல் பத்து வரையுள்ள எண் கார்டு ஒவ்வொன்றுக்கும் ராசிச் சக்கரத்தில் பத்து பாகை ஒதுக்கியிருக்கிறார்கள். இதற்கு மேஷத்தின் கடைசிப் பத்து, ஏறக்குறைய ஏப்ரல் 11 முதல் 20 வரை. மேற்கத்திய மேஷம் மார்ச் 21 வாக்கிலேயே தொடங்கிவிடும், நம் பஞ்சாங்க மேஷம் சித்திரை ஒன்றுக்குத்தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அந்தப் பத்து நாளில் தாலி ஏறும் என்று நான் சொல்லவில்லை. முன்னால் தொங்குகிறவன் இருப்பதால் இதை இரண்டு வீடும் ஒரே கூடத்தில் உட்காரும் நாளாகவே படிக்கிறேன். நிச்சயம், தாம்பூலம், அந்த அளவு. கல்யாணம் அதற்குப் பின்னால், ஆடிக்கு முன்போ ஆவணியிலோ. எது என்பதை உங்கள் வீட்டு ஜோசியர் பார்க்கட்டும், அது என் வேலை இல்லை.

கார்டைப் பரிசோதிக்க ஒரு வழி சொல்கிறேன். தை பிறந்ததும் நீ அம்மாவிடம் பேசு. அதே வாரம் அவரிடம் “எப்போ கல்யாணம்” என்று கேட்காதே, “பிறப்புச் சான்றிதழுக்கு என்றைக்கு எழுதிப் போடுகிறீர்கள்” என்று கேள். நைட் ஆஃப் பென்டக்கிள்ஸ் ஆளுக்குக் கையில் பிடிக்கிற வேலையாகக் கொடுத்தால்தான் குதிரை நகரும். மாசி மகத்துக்குச் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து சேரும் வரை ஒரு காகிதம்கூட நகராமல் இருந்தால், நாலு கால் பந்தலை மறந்துவிடு. நான் தப்பாகப் படித்தேன் என்று வைத்துக்கொள்.

எட்டுக் கார்டின் போட்டோவும் இத்துடன் இருக்கிறது. இடையில் இதையே கேட்டு மறுபடி கார்டு எடுக்க வராதே, பங்குனி வரை நான் எடுக்க மாட்டேன். காபி குடிக்க வா. நீ விட்டுப்போன குடை வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறது.