உம் கொட்டு

சனிக்கிழமை மாலை ஆறரை. வாசகர்கள் எல்லாரும் கிளம்பியதும் நூலகக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு தடித்த அகராதிகளை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தாள் மங்கை. ஜன்னலோரம்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும், அதனால் மேசையே இன்று அங்கே வந்துவிட்டது. சிங்கப்பூரில் இப்போது இரவு ஒன்பது, லண்டனில் மதியம் ஒன்று, டொராண்டோவில் காலை எட்டு. மூன்று ஊருக்கும் ஒத்துவருகிற ஒரு நேரத்தைப் பிடிக்கவே ஒரு வாரம் ஆனது.

ஒன்பது கட்டங்கள். ஒருவன் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான், ஒருத்தி தலைவாரிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டம் மட்டும் கறுப்பு, யாழினி என்ற பெயர் மட்டும் தெரிந்தது. "அவளுக்குத் தமிழ் அவ்வளவா வராதுங்க, சும்மா கேக்கட்டும்" என்று அவள் அம்மா முன்பே செய்தி அனுப்பியிருந்தார்.

"எல்லார் மைக்கையும் ம்யூட்ல போட்டுடுங்க அக்கா, இல்லன்னா ஒரே சத்தமா இருக்கும்" என்று ஏற்பாடு செய்தவர்கள் சொன்னபடியே போட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சாம்."

சத்தமே இல்லை.

"அதுக்கு நிலாவைத் தொட்டுப் பாக்கணும்னு ஆசை வந்துச்சாம்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு வருடமாக இதே அறையில் பாயில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள், மூன்றாவது வரியில் தடுமாறி நின்றாள். கதை மறக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் கீழே வந்து விழுகிற அந்த 'உம்' இல்லாமல் அடுத்த வரி வாயில் வரமாட்டேன் என்றது.

"சரி, எல்லாரும் மைக்கைப் போடுங்க. நான் ஒரு வரி சொன்னா நீங்க 'உம்' சொல்லணும். நீங்க 'உம்' கொட்டினாத்தான் ஆட்டுக்குட்டி அடுத்த அடி எடுத்து வைக்கும். சொல்லலைன்னா அங்கயே நின்னுடும்."

உம். உம்... உம். எட்டும் ஒன்றாக வரவில்லை, ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று ரொம்பத் தாமதமாக. அந்தத் தாமதத்துக்கும் ஆட்டுக்குட்டி காத்திருந்தது. பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது, ஒரு தம்பி அழுதான், மங்கைக்கு அப்போதுதான் நூலகம் நூலகம் மாதிரி இருந்தது.

மலை உச்சிக்குப் போய், எட்டாமல் திரும்பி வந்து, தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது குளத்துக்குள்ளேயே நிலா கிடந்ததாம். மூக்கால் தொட்டதாம். ஜில்லென்று இருந்ததாம்.

"அவ்வளவுதான், கதை முடிஞ்சுபோச்சு."

பிள்ளைகள் கை அசைத்தார்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. போனை எடுக்கக் கை நீட்டியவள், கறுப்புக் கட்டம் இன்னும் இருப்பதைக் கவனித்தாள்.

"உம்" என்றது அது, மெதுவாக.

மங்கை நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்புறம் அந்த ஆட்டுக்குட்டி..."