வடிவுக்கு, சூரசம்ஹாரத்தன்னைக்கு

ஏட்டி வடிவு, பிறந்தநாள் வாழ்த்துகள்!

குரூப்புல எல்லாரும் முழிப்பீங்க. வடிவுக்குத்தான் ஜூன் 1-ஆம் தேதியே வாழ்த்தியாச்சே, மேரி கேக் படம் கூடப் போட்டாளே, இவ என்ன ஐப்பசியில வந்து நிக்கிறான்னு கேப்பீங்க. ஜூன் 1 எலிமெண்டரி ஸ்கூல் பெரிய சார் எழுதின தேதி. நம்ம கிளாஸ்ல பாதிப் பேருக்கு அதே தேதிதான், உங்க சர்டிபிகேட்ட எடுத்துப் பாருங்க. செந்தில்வடிவு பிறந்தது கந்த சஷ்டி ஆறாம் நாள். அவங்க வீட்டுல தேதியே கிடையாது, சூரசம்ஹாரம் என்னைக்கோ அன்னைக்குத்தான் அவளுக்குப் பிறந்தநாள். இந்த வருசம் அது இன்னைக்கு, அக்டோபர் 27.

ஜூன் 1-ல நாப்பது பேருக்கு மேல வாழ்த்துப் போட்டாங்க. நீயும் ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி நன்றி போட்ட. அன்னைக்கு நான் மட்டும் ஒண்ணும் போடல. நீ கவனிச்சியோ என்னமோ. கோமு மறந்துட்டான்னு நினைச்சிருந்தா, அஞ்சு மாசமா இந்த நாளுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்டி. ராணி உன் நம்பரைத் தேடிப் பிடிச்சு குரூப்புல சேத்த அன்னைக்கே காலண்டர்ல சஷ்டி என்னைக்கு வருதுன்னு பாத்து, பேனாவால வட்டம் போட்டு வச்சிட்டேன்.

இந்தக் கதைய எனக்குச் சொன்னது உங்க அம்மா. உனக்கு முன்னாடி ஏழு வருசம் அத்தைக்குப் பிள்ளை இல்ல. "சஷ்டியில இருந்தா அகப்பையில வரும்னு ஊரே சொல்லுச்சு, நானும் இருந்தேன்"பாங்க. உண்டாகி இருந்தப்பவும் யார் சொல்லியும் கேக்காம, அஞ்சு நாள் பாலும் பழமுமா விரதம். ஆறாம் நாள் மாமா திருச்செந்தூர் கடற்கரையில கூட்டத்தோட கூட்டமா நிக்கிறாரு, இங்க அத்தைக்கு வலி வந்திருச்சு. ரேடியோவுல சம்ஹாரம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே நீ பிறந்துட்டியாம். ஆனைமுகன் விழுந்தாச்சு, சிங்கமுகன் விழுந்தாச்சு, சூரன் மாமரமா நிக்கிறான்னு சொல்ற நேரம் உன் சத்தம் கேட்டுச்சுன்னு, அப்படிக் கணக்கா சொல்லுவாங்க அத்தை. மாமா மறுநாள் காலையில இலை விபூதியோட வந்து உன் நெத்தியில பூசி, வாசல்ல நின்னபடியே வச்ச பேருதான் செந்தில்வடிவு.

பெரிய சாருக்கு இதெல்லாம் எதுக்கு? அம்மாகிட்ட தேதி கேட்டாரு, அத்தைக்குத் தெரிஞ்ச தேதி சூரசம்ஹாரம். வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொன்னாரு. விரல் எட்டல, நீ தலையச் சாச்சுத் தொட்டுட்ட. அஞ்சு வயசு நிறைஞ்சிருச்சுன்னு 1-6-78-ன்னு எழுதிக்கிட்டாரு. அவர் எழுதினதுனாலதான் நீ எங்கூட ஒண்ணாப்புல வந்து உக்காந்த. ஒரு வருசம் தள்ளிச் சேந்திருந்தா நீ யாரோ, நான் யாரோ.

எனக்கு உன் பிறந்தநாள்னா 1994 சூரசம்ஹாரம்தான். நாம பிளஸ் டூ. அடைமழை. கரிசல் மண்ணு செருப்போட சேந்து அரைக்கிலோ எடைக்கு ஒட்டிக்கிட்டு, உங்க வீட்டுத் திண்ணைக்கு வரதுக்குள்ள பாவாடை விளிம்பெல்லாம் சகதி. உள்ள வந்தா கால் வைக்க இடமில்ல. கட்டில் மேல, அடுப்படியில, சாமி படத்துக்கு முன்னாடின்னு எங்க பாத்தாலும் ஒட்டின அடிப்பெட்டி. வெயில் இல்லாம ஒண்ணும் காயல. காயாததைக் கொண்டுபோனா தீப்பெட்டி ஆபீஸ்ல கழிச்சிருவாங்கன்னு அத்தை முகமே வாடிக் கிடந்துச்சு. நீ மட்டும் பேசாம சுவத்துல சாஞ்சு உக்காந்து ஒட்டிக்கிட்டு இருந்த.

உன் கை எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. நீலத்தாள்ல ஒரே இழுப்பா பசை தடவி, மரச்சில்லை அது மேல வச்சு, நாலு பக்கமும் மடிச்சு, கட்டைவிரலால ஒரு அழுத்து. பெட்டி குவியல்ல போய் விழும்போது அடுத்த தாள் கையில இருக்கும். மடியில கெமிஸ்ட்ரி புத்தகம் விரிச்சிருக்கும். பக்கம் திருப்புறது மட்டும் முழங்கையால, பசை ஒட்டிரக் கூடாதுன்னு. எனக்கு ஒரு குரோஸ் ஒட்ட ஆகுற நேரத்துல நீ மூணு குரோஸ் ஒட்டி, ஒரு பாடமும் முடிச்சிருப்ப. அந்த மாதிரி ஒரு படிப்பை நான் அதுக்கப்புறம் எங்கயும் பாக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் ரேடியோவுல சம்ஹாரம் முடிஞ்சதும் அத்தை தலைக்குக் குளிச்சிட்டு வந்து, பாசிப்பருப்புப் பாயாசம் வச்சாங்க. ஏலக்காய் இல்ல, முந்திரி இல்ல, கருப்பட்டியும் பருப்பும்தான். முதல் டம்ளர் உனக்கு, ரெண்டாவது எனக்கு. உன் தலையில கைய வச்சு, "எம்புள்ள பிறந்த நேரம் கெட்டது ஒழிஞ்ச நேரம்"னாங்க. அப்பத்தான் என்கிட்ட இந்தக் கதை முழுசும் சொன்னாங்க. சொல்லிட்டு, "கோமு, நீ ஞாபகம் வச்சுக்கோ. நான் இல்லாட்டி இவளுக்கு யாரு சொல்லுவா"ன்னாங்க. நீ கருப்பட்டி வழிச்சுத் தின்னுக்கிட்டு இருந்த, உனக்குக் காதுல விழுந்திருக்காது.

இன்னொண்ணு, இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதது. எங்கப்பா வேலை பாத்த மில்லு அந்த வருசம் பூட்டிட்டாங்க. பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசி நாள், என்கிட்ட பதினேழு ரூபா குறைஞ்சுது. நான் உன்கிட்ட வாயத் திறந்து கேக்கல. எப்படித் தெரிஞ்சுக்கிட்டியோ, இடைவேளையில எல்லார் முன்னாடியும் வந்து, "எங்கம்மா உங்கம்மாவுக்குத் தரச் சொன்னா"ன்னு மயில் படம் போட்ட ஒரு தீப்பெட்டியக் கொடுத்துட்டுப் போயிட்ட. குலுக்கினேன், குச்சிச் சத்தமே இல்ல. உள்ள ஒரு பத்து, ஒரு அஞ்சு, ஒரு ரெண்டு, நாலா மடிச்சு. மூணு நோட்டுலயும் பசை வாசம். நான் ஹால் டிக்கெட் வாங்கினது, காலேஜ் போனது, இன்னைக்கு நர்சா வேலை பாக்குறது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருந்து வந்ததுதான். அந்தப் பணத்தை நான் திருப்பித் தரல. தரவும் மாட்டேன். உனக்கு நான் கடன்பட்டவளாவே இருந்துட்டுப் போறேன்.

பரீட்சை முடிஞ்சு சித்திரையிலேயே உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தாராவியில வேலை. அப்ப அது பம்பாய். கோவில்பட்டி ஸ்டேஷன்ல ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு "ரிசல்ட் வந்தா லெட்டர் போடு கோமு"ன்னு சொன்ன. அதுதான் நான் உன்னைப் பாத்த கடைசி நாள்.

ரிசல்ட் வந்த அன்னைக்கு மாலைப் பேப்பர் வாங்க பஸ் ஸ்டாண்டுல அப்படி ஒரு கூட்டம். என் நம்பர் இருந்துச்சு. அதுக்கு ரெண்டு வரி கீழ உன் நம்பரும். நான் எங்க வீட்டுக்குப் போகலடி, நேரா உங்க வீட்டுக்குத்தான் ஓடினேன். அத்தை ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. "எது எம்புள்ள நம்பரு"ன்னு கேட்டாங்க, காட்டினேன். படிக்கத் தெரியாதவங்க, ஒவ்வொரு எண்ணா விரலை வச்சு வச்சுப் பாத்தாங்க. ஈரப் பசையில பேப்பர் மை கலங்கிப் போச்சு. அப்புறம் கத்தரிக்கோல் எடுத்து அந்த இடத்தை மட்டும் வெட்டி, அதே பசையில சாமி படத்துக்குப் பக்கத்துல சுவத்துல ஒட்டினாங்க. நீ பாஸான செய்தி முதல்ல ஒட்டினது அங்கதான். உனக்கு அவங்க இதைச் சொன்னாங்களான்னு எனக்குத் தெரியாது. அதான் இங்க எழுதுறேன்.

நான் லெட்டர் போட்டேன் வடிவு, மூணு லெட்டர். ரெண்டு திரும்பி வந்துச்சு, ஒண்ணு என்ன ஆச்சோ. லீவுக்கு வந்து பாத்தா உங்க வீட்டுல வேற ஆளுங்க. அத்தைய நீ கூட்டிட்டுப் போயிட்டன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க, விலாசம் யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் மெட்ராஸ்ல, மதுரையில, ஆஸ்பத்திரியில ஓபி சீட்டுல செந்தில்வடிவுன்னு பேரு வந்தா நிமிந்து பாப்பேன். ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டும் நீ இல்ல.

போன ஆவணியில நீ போட்ட வாய்ஸ் மெசேஜ் இருக்கே, அத்தை தை மாசம் தவறிட்டாங்கன்னு சொன்னது, அதை நான் டியூட்டி ரூம்ல கேட்டேன். பின்னால இட்லிச் சட்டி ஆவிச் சத்தம், நடுவுல யாரோ இந்தியில கணக்குக் கேக்குறாங்க, நீ அழுகைய அடக்கிக்கிட்டு "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கும்போது அம்மா பசியாறிட்டியான்னு கேப்பா, இப்ப கேக்க ஆளில்ல"ன்னு சொல்ற. எனக்கு உடனே ஞாபகம் வந்தது அத்தை அன்னைக்குச் சொன்ன வார்த்தைதான். நான் இல்லாட்டி இவளுக்கு யாரு சொல்லுவா.

நான் சொல்றேன்டி. இந்த வருசமும் சொல்றேன், அடுத்த வருசமும் சொல்லுவேன். எந்தத் தேதியில வந்தாலும் காலண்டர் பாத்துச் சொல்லுவேன். 47 முடிஞ்சு 48 பிறக்குது உனக்கு. அந்தக் கையி நோகாம இருக்கணும், முழங்கால் வலின்னு சொன்னியே அது குறையணும், மக காலேஜ் முடிச்சு நல்ல வேலையில உக்காரணும். திருச்செந்தூர் முருகன் உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தணும்.

மத்த எல்லாரும் கேளுங்க, ஜூன் 1 பட்டியல்ல இருந்து வடிவு பேரை எடுத்துருங்க. ராணி, அட்மின் நீதானே, மாத்திரு. உங்கள்ல வேற யாருக்காவது அம்மா சொன்ன நாள் வேறன்னா அதையும் எழுதுங்க, அந்த நாள்லயே வாழ்த்துவோம்.

வடிவு, வியாழக்கிழமை பார்சல் போட்டிருக்கேன். ரெண்டு கிலோ கடலைமிட்டாய், நம்ம ஊருதுதான், தேங்காய்ப்பூ தூவினது. கூட ஒரு கருப்பட்டி வட்டும், பாசிப்பருப்பும். ஏலக்காய் வைக்கல. பார்சல் வந்திருந்தா இன்னைக்குப் பாயாசம் வச்சிரு, வரலேன்னா வந்த அன்னைக்கு வை. முதல் டம்ளர் அத்தை படத்துக்கு முன்னாடி.

சாயங்காலம் நாலரை மணிக்கு மேல டிவியில சம்ஹாரம் காட்டுவாங்க. மாவு ஆட்டுறதை மக பாத்துக்கிடட்டும், நீ உக்காந்து பாரு. சூரன் மாமரமா நிக்கிற நேரம் நான் வீடியோ கால் போடுவேன். எடுத்துரு.

உன் கோமு
(கோமதி, 12-பி, மூணாவது பெஞ்ச், உனக்கு இடது பக்கம்)