ஆறாம் வகுப்புத் தமிழ் இலக்கண நூல் தேர்வு

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வரும் கல்வியாண்டுக்காகத் தாங்கள் கொடுத்த இரண்டு இலக்கண நூல்களையும் படித்துப் பார்த்தேன். பச்சை அட்டை நூலையே வாங்கலாம் என்பது என் கருத்து.

வல்லினம் மிகும் இடங்களை இரண்டும் எப்படி நடத்துகின்றன என்பதைப் பார்த்தாலே போதும். நீல அட்டை நூல் விதிகளை வரிசையாக அடுக்கி, மனப்பாடம் செய்யச் சொல்கிறது. பச்சை நூலோ இரண்டே தொடர்களில் தொடங்குகிறது: 'வேலை கொடு', 'வேலைக் கொடு'. முதலாவது பணி கேட்பது. இரண்டாவது முருகனின் கையில் இருக்கும் வேலைக் கேட்பது. ஒரே ஒரு 'க்' செய்யும் வேலை இது. இதைக் கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இரண்டாம் வேற்றுமை உருபைப் பற்றி அதன் பிறகுதான் பேசினேன். யாரும் கொட்டாவி விடவில்லை.

நீல நூலில் இன்னொரு சங்கடம். உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' வரும் என்று கற்பித்துவிட்டு, அடுத்த பக்கப் பயிற்சியிலேயே 'ஒரு ஊரில்' என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

பச்சை நூலிலும் குறை உண்டு. பயிற்சிகள் குறைவு, விலையும் முப்பது ரூபாய் கூடுதல். பயிற்சித்தாள்களை நானே தயாரித்துக்கொள்கிறேன். விலையைப் பற்றிப் பெற்றோரிடம் தாங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.

மே மாதத்துக்குள் முடிவு தெரிந்தால் பாடத்திட்டம் எழுத வசதியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியை, ஆறாம் வகுப்பு