களத் தொடர்பாளர் பதவிக்கான காணொளி நேர்முகத் தேர்வு: இடையில் நின்ற பதில்களின் தொடர்ச்சி

மதிப்பிற்குரிய திட்ட முகாமையாளர் அம்மணி அவர்களுக்கும் நேர்முகத் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

சிறுகுளப் புனரமைப்புத் திட்டத்தின் களத் தொடர்பாளர் பதவிக்காக நேற்று முற்பகல் என்னை நேர்கண்டமைக்கு நன்றி. ஒட்டுசுட்டானில் பெய்த மழையால் இணைப்புப் பல தடவை துண்டிக்கப்பட்டபோதும், ஒவ்வொரு முறையும் நான் மீண்டும் இணையும்வரை காத்திருந்து, இறுதியில் காணொளியை நிறுத்திவிட்டுக் குரல்வழியாகவேனும் உரையாடலை நிறைவுசெய்தீர்கள். அதனால் உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகின்றேன். எனினும் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கான காரணம் வேறு. நீங்கள் கேட்ட கேள்விகளுள் மூன்று இந்தப் பதவியின் மையத்தைத் தொடுபவை; அவற்றுக்கு நான் சொன்ன பதில்கள் உங்களை அரைகுறையாகவே வந்தடைந்தன. அவற்றை முழுமையாகக் கேட்ட பின்னரே என்னைப் பற்றி நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என விரும்புகின்றேன்.

முதலாவதாக, குளத்தின் அலைகரைப் பகுதியில் பயிரிடுவோரைப் பற்றிய கேள்வி. "அவர்களை அங்கிருந்து வெளியேற்ற வேண்டும்" என்ற சொற்களோடு என் குரல் நின்றுபோனது என்பதை, மீண்டும் இணைந்தபோது குழுவின் உறுப்பினர் ஒருவர் கேட்ட அடுத்த கேள்வியிலிருந்தே அறிந்துகொண்டேன். நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் இதுதான்: அவர்களை அங்கிருந்து வெளியேற்ற வேண்டும் என்ற முடிவை ஒரு திட்டத்தின் அலுவலர் தனியாக எடுக்கவும் கூடாது, அணைக்கட்டு வேலை தொடங்கிய பிறகு எடுக்கவும் கூடாது. பாதியில் நின்றதால் என் நிலைப்பாடு நேர்மாறாக ஒலித்திருக்கும். ஆகவே இதனைச் சற்று விரித்து எழுதுவதற்கு அனுமதிக்க வேண்டுகின்றேன்.

அலைகரையை உழுவதால் இளகும் மண் மாரி மழையோடு குளத்துக்குள் இறங்குகின்றது. தூர்வாரிய குளம் சில ஆண்டுகளிலேயே மீண்டும் தூர்ந்துபோவதற்கு இது முக்கியமான காரணம். வான் மட்டத்தை உயர்த்தினால், அதுவரை கரையில் இருந்த பயிர்நிலம் நீருக்குள் போகும் என்பதும் உண்மை. ஆனால் அங்கே பயிரிடுபவர்கள் யார் என்று பார்த்தால், வன்னியின் பல குளங்களில் அவர்கள் வயற்காணி கிடைக்காத குடும்பங்களாகவோ, குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களின் இரண்டாம் தலைமுறையாகவோ இருக்கின்றார்கள். அவர்களுட் பலர் கமக்கார அமைப்பின் அங்கத்தவர்களாக இல்லாததால், புனரமைப்பு பற்றிய கூட்டத்துக்கு அவர்களுக்கு அழைப்புப் போவதில்லை. கனரக இயந்திரம் வந்து நிற்கும் நாளிலேயே அவர்களுக்குச் செய்தி தெரியவருகின்றது. அதன் பிறகு நடப்பது பேச்சுவார்த்தையாக இருக்காது.

எனவே மதிப்பீட்டுப் பணிகள் முடிவதற்கு முன்னரே, நிறைகுள மட்டம் எதுவரை வரும் என்பதைக் கமநல சேவை நிலையத்தின் அலுவலர்களோடும் கமக்கார அமைப்போடும் சேர்ந்து நிலத்தில் அடையாளமிட வேண்டும் என்பதே என் கருத்து. அந்த அடையாளத்துக்குள் யார் யாருடைய பயிர் அகப்படுகின்றது என்பதை அவர்கள் முன்னிலையிலேயே பதிவுசெய்து, நிற்கும் பயிரை அறுவடை செய்யக் கால அவகாசம் கொடுத்து, அதற்கு வெளியே மேட்டுநிலத்தில் உழுந்தோ கச்சானோ பயிரிடும் வாய்ப்பு இருக்கின்றதா என்பதைப் பிரதேச செயலகத்தோடு பேசிய பின்னரே அணைக்கட்டு வேலைக்கான நாளைக் குறிக்க வேண்டும். இது வேலையைச் சில வாரங்கள் தாமதப்படுத்தக்கூடும். மண் நகர்த்தும் வேலை மாரி மழைக்கு முன்னர் முடிய வேண்டும் என்பதால் அந்த வாரங்கள் எவ்வளவு அருமையானவை என்பதை நான் அறிவேன். அதனாலேயே இந்தப் படியைத் திட்டக் கால அட்டவணையின் தொடக்கத்தில் வைக்க வேண்டும் என்கின்றேன்.

இரண்டாவது கேள்வி, சிறுபோகத்தில் தண்ணீர் போதாத வேளையில் எழும் பிணக்குகளைப் பற்றியது. குளத்தில் உள்ள நீரின் அளவைப் பொறுத்து எத்தனை ஏக்கரில் விதைக்கலாம் என்பதைப் போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கின்றார்கள். பிணக்கு பெரும்பாலும் அந்தத் தீர்மானத்தினால் வருவதில்லை. தீர்மானித்த அளவுக்கு மேல் யாரேனும் விதைக்கும்போதும், துருசுக்கு அண்மையில் உள்ள வயல்கள் நிறைந்து, வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல்கள் வெடித்துக் கிடக்கும்போதுமே வருகின்றது. கூட்டத்தில் ஒப்புக்கொண்ட ஏக்கர் அளவையும் ஒவ்வொரு வாரமும் எடுக்கும் நீர்மட்ட அளவையும் சனசமூக நிலையத்தில் அனைவரும் பார்க்கும்படி எழுதி வைப்பதும், நீர் முறையைக் கடைசி வயலிலிருந்து தொடங்குவதும் நான் முன்மொழிந்த வழிகள். கடைசி வயலுக்கு முதலில் நீர் விடுவதால், வாய்க்காலைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு மேற்பகுதிக் கமக்காரர்களும் தவறாமல் வருவார்கள் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே தொடர்பு நின்றது. தீர்ப்புச் சொல்வது அமைப்பினதும் கமநல சேவை நிலையத்தினதும் பொறுப்பு. தொடர்பாளரின் பொறுப்பு, அவர்கள் தீர்ப்புச் சொல்வதற்கு வேண்டிய கணக்கு எவரும் மறுக்க முடியாதபடி கையில் இருப்பதை உறுதிசெய்வது.

மூன்றாவதாக, தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத இடங்களிலிருந்து களத் தரவுகளை எவ்வாறு அனுப்புவேன் என்று கேட்டீர்கள். நேற்றைய உரையாடலுக்குப் பிறகு இக்கேள்வி உங்கள் மனத்தில் இன்னும் வலுவாக எழுந்திருக்கலாம் என்பதால் நேரடியாகவே பதிலளிக்கின்றேன். நேரலை உரையாடலுக்குத் தேவையான இணைப்பு வேறு, தரவு சேர்ப்பதற்குத் தேவையான இணைப்பு வேறு. கோபோ கலெக்ட் போன்ற செயலியில் படிவத்தை ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால், விவரங்களையும் படங்களையும் அமைவிடத்தையும் இணைப்பு இல்லாமலேயே பதிந்து, சமிக்ஞை கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பலாம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வயல்கள் மூழ்கியபோது, தொண்டராகச் சேத விவரம் திரட்டிய எங்கள் குழு கடதாசிப் படிவத்தையும் கூடவே வைத்திருந்தது. மின்கலம் தீர்ந்த வேளைகளில் அதுவே கைகொடுத்தது. இப்போதும் களத்துக்குச் செல்லும்போது இரண்டையும் எடுத்துச் செல்வதையே வழக்கமாகக் கொண்டிருக்கின்றேன். அன்றாடம் பதிந்தவற்றை மாலையில் மாங்குளம் வீதிக்கு வந்து அனுப்புவது எனக்குச் சிரமமான காரியம் அன்று.

கமக்கார அமைப்புகளில் பெண்களின் பங்கேற்பு, மாதாந்த அறிக்கையின் மொழி ஆகியவை பற்றிய பதில்கள் தடையின்றி உங்களை வந்தடைந்தன என நம்புவதால், அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை.

இவை பற்றி மேலும் பேச விரும்பினால், கிளிநொச்சியில் உள்ள உங்கள் கள அலுவலகத்துக்கு நேரில் வருவதற்கு ஆயத்தமாக இருக்கின்றேன். முதல் நாள் அறிவித்தாற் போதும். காணொளியே வசதி என்றால், கிளிநொச்சி நகரிலிருந்து இணைந்துகொள்வேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் நான் படித்த காலத்தில், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழான நீர்ப்பகிர்வு பற்றித் தயாரித்த ஆய்வறிக்கையை நேர்முகத்தில் கேட்டிருந்தீர்கள். அதனை இம்மின்னஞ்சலோடு இணைத்துள்ளேன். இரண்டாவது கேள்விக்கான பதிலின் அடிப்படை அதன் நான்காம் அத்தியாயத்தில் உள்ளது.

நன்றி.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
ச. யாழினி
ஒட்டுசுட்டான்