ஃபிக்ஹா, ஹதீஸா: உஸ்தாதுக்கு ஒரு மடல்

காயல்பட்டினம்

பேரன்பிற்குரிய உஸ்தாத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

ஆலிம் பட்டத்துக்குப் பின் ஃபிக்ஹையா ஹதீஸையா சிறப்பாக ஓதுவது என்று முடிவு செய்ய இயலாமல், ஷவ்வாலில் மத்ரஸா திறக்குமுன் தங்கள் ஆலோசனையை நாடி எழுதுகிறேன். தங்களிடம் ஃபத்ஹுல் முஈன் ஓதிய நாள்களில், கடைக்குக் கொடுத்த முன்பணத்துக்கு ஸகாத் உண்டா என்பது போன்ற கேள்விகளோடு ஊரார் வந்து நின்றதைப் பார்த்தவன் என்பதால், மனம் ஃபிக்ஹின் பக்கமே சாய்கிறது. ஆனால் ஒரே ஹதீஸை ஓர் இமாம் ஸஹீஹ் என்றும் மற்றோர் இமாம் ளயீஃப் என்றும் சொல்லியிருப்பதைப் புலூகுல் மராமில் காணும்போது, அறிவிப்பாளர் தொடரை எடைபோடத் தெரியாமல் சட்டம் சொல்லத் துணிவது எப்படி என்ற அச்சம் எழுகிறது. இமாம் நவவி அவர்கள் மின்ஹாஜும் எழுதினார்கள், ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரையும் எழுதினார்கள். அந்த உயரம் எனக்கு எட்டாது.

என் மனன சக்தி குறைவு என்பதைத் தாங்கள் அறிவீர்கள் (ராவிகளின் பெயர்களில் நான் தடுமாறியபோது தாங்கள் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது). அது ஒன்றே ஹதீஸ் துறையைக் கைவிடப் போதுமான காரணமாகுமா? வாப்பா முடிவைத் தங்களிடமே விட்டுவிட்டார்கள்.

துஆ வேண்டி நிற்கும்,
தங்கள் மாணவன்