கெர்கின் வெள்ளரி ஒப்பந்தப் பண்ணைய உடன்படிக்கை

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9 ஆம் தேதி, பெருமாள் மனைவி திருமதி சரசுவதி (இதன் பின்னர் "விவசாயி") அவர்களும், ஊறுகாய்க்கான வெள்ளரியைக் கொள்முதல் செய்து பதப்படுத்தும் தொழில் நடத்திவரும் காளிமுத்து மகன் திரு. இளங்கோவன் (இதன் பின்னர் "கொள்முதலாளர்") அவர்களும் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொண்ட உடன்படிக்கை என்னவென்றால்:

கெர்கின் வெள்ளரி உள்ளூர் சந்தையில் விலைபோகாத பயிர். கொள்முதலாளர் எடுக்காவிட்டால் விவசாயிக்கு வேறு வழியில்லை. விவசாயி நாள்தோறும் பறித்துக் கொடுக்காவிட்டால் கொள்முதலாளரின் ஆலையும் ஓடாது. எழுதிய விலை எவ்வளவு நல்லதானாலும், காயைக் கழிக்கும் முறை தெளிவாக இல்லையென்றால் அந்த விலை விவசாயியின் கைக்கு வந்து சேராது என்பதை இருவரும் உணர்ந்தே கீழ்க்கண்ட நிபந்தனைகளை ஏற்கின்றனர்.

1. நிலமும் காலமும். இத்துடன் இணைத்துள்ள சிட்டா நகலில் கண்ட, கிணற்றுப் பாசனமும் சொட்டுநீர் வசதியும் உள்ள 1.5 ஏக்கர் நிலத்தில் ஜூன் 23 முதல் 30 ஆம் தேதிக்குள் விதைப்பு நடைபெறும். விதைத்த நாளிலிருந்து 95 நாட்களுடன் உடன்படிக்கை முடிவடையும். நிலத்தின் மீதோ கிணற்றின் மீதோ கொள்முதலாளருக்கு எவ்வித உரிமையும் உண்டாகாது. நிலத்தைக் காட்டி அவர் கடன் பெறவோ, அதில் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பவோ கூடாது.

2. இடுபொருள் வழங்கல். விதை, நீரில் கரையும் உரம், பயிர்ப் பாதுகாப்பு மருந்து, கொடி கட்டும் சணல் ஆகியவற்றைக் கொள்முதலாளர் விவசாயியின் கணக்கில் பற்றெழுதிக் கடனாகத் தருவார்; வயலுக்குக் கொண்டுவரும் செலவு அவருடையது. அவற்றின் விலை உறையில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு முறையும் பெயர், அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி, விலை ஆகியவை எழுதிய ரசீதில் இருவரும் கையொப்பமிட வேண்டும். ரசீது இல்லாத எந்தப் பொருளுக்கும் விவசாயியின் கணக்கில் பற்று எழுதக்கூடாது. கொடி ஏற்றும் கம்புகள் விவசாயியின் பொறுப்பு.

இடுபொருள் தொகைக்கு வட்டி கிடையாது. காய்க்குச் சேரும் ஒவ்வொரு தவணையிலிருந்தும் 30 சதவீதத்துக்கு மேற்படாமல் அது கழிக்கப்படும். விதைத்த பத்தாம் நாள் கொள்முதலாளரின் களப்பணியாளரும் விவசாயியும் சேர்ந்து முளைப்பை எண்ணுவார்கள்; நூற்றுக்கு 85 க்குக் குறைந்தால் மூன்று நாட்களுக்குள் மாற்று விதை விலையின்றித் தரப்படுவதோடு, மறுவிதைப்புக் கூலியையும் கொள்முதலாளர் ஏற்பார். வழங்கிய விதையோ மருந்தோ தரக்குறைவால் பயிரைக் கெடுத்தது தெரியவந்தால், அந்தப் பருவத்தின் இடுபொருள் பற்று முழுவதும் தள்ளுபடியாகும்.

களப்பணியாளர் வாரம் இருமுறையாவது வயலுக்கு வந்து, எந்த மருந்து, எவ்வளவு, தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதை வயல் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவர் எழுதிக்கொடுக்காத மருந்தை விவசாயி தெளிக்கக்கூடாது. பதிவேட்டின்படியே தெளித்தும் ஆலையில் மருந்து எச்சம் கண்டறியப்பட்டால், அதன் இழப்பு கொள்முதலாளரையே சேரும்.

3. நிலையான விலை. பருவம் முழுவதும் கிலோ ஒன்றுக்குக் கீழ்க்கண்ட விலை மாறாது:

கிலோவுக்கு 160 காய்க்கு மேல் நிற்கும் முதல் தரம் 42 ரூபாய்;
100 முதல் 160 காய் நிற்கும் இரண்டாம் தரம் 30 ரூபாய்;
60 முதல் 100 க்குக் குறைவாக நிற்கும் மூன்றாம் தரம் 20 ரூபாய்;
30 முதல் 60 க்குக் குறைவாக நிற்கும் நான்காம் தரம் 12 ரூபாய்.

ஏற்றுமதி விலை சரிந்தது, ஆலையில் இருப்பு மிகுந்துவிட்டது, டாலர் மதிப்பு மாறியது என்ற எந்தக் காரணத்தாலும் கொள்முதலாளர் விலையைக் குறைக்கவோ எடுக்கும் அளவைச் சுருக்கவோ முடியாது. இந்த நிலத்தில் விளைந்து தரத்துக்கு உட்பட்ட காய் முழுவதையும், எத்தனை டன்னாக இருந்தாலும், அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். விவசாயியும் தரத்துக்கு உட்பட்ட காயை வேறு எவருக்கும் விற்கக்கூடாது. விளைச்சல் இவ்வளவு வர வேண்டும் என்ற கட்டாயம் விவசாயிக்கு இல்லை.

4. கொள்முதல். காய்ப்புத் தொடங்கியதும் நாள்தோறும் காலையில் பறித்து, பூ நீக்கி, நிழலில் வைத்த காயைப் பிற்பகல் 2 மணிக்குள் கொள்முதலாளரின் வண்டி வயலோரத்தில் வந்து ஏற்றிக்கொள்ளும். விவசாயியோ அவர் அனுப்பும் ஆளோ வண்டியுடனேயே கொள்முதல் மையத்துக்குச் செல்லலாம். கெர்கின் ஓரிரவில் ஒரு தரத்திலிருந்து அடுத்த தரத்துக்குப் பருத்துவிடும் காய் என்பதால், வண்டி வராத நாளின் இழப்பை விவசாயி மேல் சுமத்துவது நியாயமாகாது. எனவே மாலை 5 மணி வரை வண்டி வராவிட்டால், வயலிலேயே எடை போட்டுப் பதிவேட்டில் எழுதிய அன்றைய காய்க்கு, அதற்கு முந்தைய மூன்று கொள்முதல் நாட்களின் சராசரி விலைப்படி முழுத்தொகை தரப்படும். பறிக்க வேண்டாம் என்று கொள்முதலாளர் சொன்னதால் பருத்துப்போன காயும் இவ்வாறே கணக்கிடப்படும். விவசாயி தாமே பறிக்காமல் விட்டுப் பருத்த காய்க்கு இச்சலுகை இல்லை.

5. தர நிராகரிப்பு. கிலோவுக்கு 30 க்குக் குறைவாக நிற்கும் அளவுக்குப் பருத்தவை, பழ ஈ துளைத்தவை, அழுகியவை, மஞ்சளித்தவை, நடுவில் சுருங்கியோ கொக்கிபோல் வளைந்தோ போனவை, தோல் கிழிந்தவை ஆகிய காய்களை மட்டுமே நிராகரிக்கலாம். சிறு வளைவோ, தரையில் பட்ட வெளிறிய தடமோ நிராகரிக்கப் போதிய காரணமாகாது. வண்டியில் ஏற்றிய பின் நசுங்கிய காய் ஏற்றுக்கொள்ளப்பட்ட காயாகவே கருதப்படும்.

தரம் பிரிப்பு, காய் வந்த அன்றே, விவசாயி அல்லது அவரது ஆளின் கண்ணெதிரில், முத்திரையிட்ட தராசில் நடைபெறும். நிராகரித்த காயைத் தனியே எடைபோட்டு, எவ்வளவு, எந்தக் குறைக்காக என்பதை எடைச்சீட்டில் எழுத வேண்டும். எடைச்சீட்டு கொடுத்த பிறகு, ஆலையில் கழிந்தது, வெளிநாட்டு வாங்குபவர் திருப்பினார் என்று கூறித் தொகையில் பிடித்தம் செய்யக்கூடாது. ஈரக்கழிவு, சாக்குக்கழிவு, கைமுறைக்கழிவு என்ற பெயர்களில் எடையைக் குறைப்பதும் கூடாது.

ஒரு நாளைய காயில் 10 சதவீதத்துக்கு மேல் நிராகரிக்கப்பட்டு விவசாயி அதை ஏற்காவிட்டால், அந்தக் காய் மையத்தில் 24 மணி நேரம் பிரித்து வைக்கப்பட்டு, வட்டாரத் தோட்டக்கலை அலுவலரோ இருவரும் ஒப்பும் மற்றொரு விவசாயியோ பார்த்துச் சொல்வது இறுதியாகும். நிராகரித்த காய் விவசாயிக்கே சொந்தம். அதை எடுத்துச் செல்லவோ விற்கவோ அவருக்கு முழு உரிமை உண்டு. அதைக் கொள்முதலாளர் எடுத்துக்கொண்டால் நான்காம் தர விலை தர வேண்டும்.

6. பணம். திங்கள் முதல் ஞாயிறு வரை எடுத்த காய்க்கான தொகை அடுத்த வெள்ளிக்குள் விவசாயியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். இடுபொருள் பிடித்தமும் மீதிப் பற்றும் காட்டும் கணக்குச் சீட்டு உடன் தரப்படும். தாமதமானால் மாதம் 1.5 சதவீத வட்டி உண்டு. இரண்டு வாரத் தொகை நிலுவையானால், முன்னறிவிப்பின்றிக் காயை வேறெங்கும் விற்க விவசாயிக்கு உரிமை உண்டு. அது உடன்படிக்கை மீறல் ஆகாது.

7. இயற்கைச் சேதம். பெருமழை, வெள்ளம், வறட்சி அல்லது கட்டுப்படுத்த முடியாத நோயால் பயிர் அழிந்தால், களப்பணியாளர் இரண்டு நாட்களுக்குள் வந்து பார்த்து எழுதுவார். பாதிக்கு மேல் அழிந்திருந்தால் மீதமுள்ள இடுபொருள் பற்றில் பாதியைக் கொள்முதலாளர் ஏற்பார். எஞ்சியது அடுத்த பருவக் கணக்குக்கு வட்டியின்றி மாறும். அதற்காக வெற்றுக் காசோலையோ நகையோ நிலப்பத்திரமோ விவசாயியிடம் கேட்கக்கூடாது.

8. மீறல். தரத்துக்கு உட்பட்ட காயை விவசாயி வெளியில் விற்றால், விற்ற அளவின் ஒப்பந்த விலையில் 15 சதவீதமும், நிலுவையிலுள்ள இடுபொருள் தொகையும் தருவார். தரமான காயைக் கொள்முதலாளர் எடுக்க மறுத்தால் அதன் முழு ஒப்பந்த விலையையும் தருவார்.

9. பதிவும் தகராறும். இவ்வுடன்படிக்கை 2019 ஆம் ஆண்டு தமிழ்நாடு வேளாண் விளைபொருள் மற்றும் கால்நடை ஒப்பந்தப் பண்ணையம் மற்றும் சேவைகள் சட்டத்தின்படி கொள்முதலாளரின் செலவில் பதிவு செய்யப்படும். பேசித் தீராத தகராறு அச்சட்டம் வகுத்த முறைப்படி தீர்க்கப்படும். தீரும் வரை கொள்முதலும் பணப்பட்டுவாடாவும் நிற்கக்கூடாது.

இதன் இரண்டு அசல் பிரதிகளில் ஒன்று விவசாயியிடமும் மற்றொன்று கொள்முதலாளரிடமும் இருக்கும். முழுவதும் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, பொருள் விளங்கிக்கொண்ட பின், இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையொப்பமிடப்பட்டது.

(ஒப்பம்) பெ. சரசுவதி, விவசாயி
(ஒப்பம்) கா. இளங்கோவன், கொள்முதலாளர்
சாட்சிகள்: (ஒப்பம்) மு. தங்கவேல், (ஒப்பம்) அ. ஜெயராணி