60, 50, 45, 42: உருளும் பொருள்களுக்கான பயிற்சித்தாள்

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வில் வந்த 17-ஆவது கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

கேள்வி 1. ஒரு வளையமும் ஒரு வட்டத்தட்டும் ஒரே சாய்தளத்தின் உச்சியில் ஓய்வுநிலையிலிருந்து விடப்படுகின்றன. நழுவாமல் உருண்டு அடியை அடைய அவை எடுக்கும் காலங்களின் விகிதம் என்ன?
(அ) 4 : 3  (ஆ) 2 : √3  (இ) √3 : 2  (ஈ) √2 : 1

உங்கள் கணக்குத்தாள்களைப் பார்த்தேன். பெரும்பாலோர் ஆற்றல் சமன்பாடு எழுதி, v கண்டு, அதிலிருந்து a, அதிலிருந்து t என்று போயிருக்கிறீர்கள். அதையே வட்டத்தட்டுக்கு மறுபடியும். விடை சரிதான், ஆனால் முக்கால் பக்கம் ஆகியிருக்கிறது. நீட் தேர்வில் 180 கேள்விக்கு 180 நிமிடம். இந்த ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம் கொடுத்தால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று கேள்விகள் போய்விடும். அது எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தத் தாள்.

I = βMR² என்று எழுதுங்கள். பாடநூலில் K²/R² என்று இருப்பதுதான் இந்த β. K என்பது சுழற்சி ஆரம். சாய்தளத்தில் கீழே இழுக்கும் விசை Mg sinθ. சறுக்கும் பொருளுக்கு நகர்ந்தால் போதும். உருளும் பொருளோ நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அதனால் அதன் நிறை (1+β)M ஆகிவிட்டதுபோல நடந்துகொள்கிறது. ஆக:

a = g sinθ / (1+β)

இதில் M இல்லை, R இல்லை. கேள்வியில் நிறை 2 கிலோ, ஆரம் 10 செ.மீ. என்றெல்லாம் கொடுத்திருந்தாலும் கவலைப்படாதீர்கள். விகிதம் கேட்டால் அவை தேவையே இல்லை.

இப்போது (1+β) மதிப்புகள்: வளையம் 2, உள்ளீடற்ற கோளம் 5/3, வட்டத்தட்டு 3/2, திண்மக் கோளம் 7/5. தேர்வு அவசரத்தில் இந்தப் பின்னங்கள்தான் குழப்பும். எல்லாவற்றையும் 30-ஆல் பெருக்கிவிடுங்கள்:

வளையம் 60
உள்ளீடற்ற கோளம் 50
வட்டத்தட்டு 45
திண்மக் கோளம் 42
உராய்வின்றிச் சறுக்கும் கட்டை 30

உள்ளீடற்ற உருளை வளையத்தோடு சேரும், திண்ம உருளை வட்டத்தட்டோடு சேரும். இந்த எண்ணை N என்று வைத்துக்கொள்வோம். முடுக்கம் 1/N-க்கு நேர்விகிதம். அடியில் வேகம் 1/√N-க்கு. காலம் √N-க்கு. ஒரே வேகத்தில் உருளும்போது ஏறும் உயரம் N-க்கு. நிறையும் வேகமும் சமமாக இருந்தால் மொத்த இயக்க ஆற்றலும் N-க்குத்தான்.

கேள்வி 1-க்கு: √60 : √45 = √4 : √3 = 2 : √3. விடை (ஆ). (அ) என்று குறித்தவர்கள் வர்க்கமூலத்தை மறந்தவர்கள். அந்தப் பொறி அங்கே வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

கேள்வி 2. நழுவாமல் உருளும் வட்டத்தட்டின் மொத்த இயக்க ஆற்றல் 90 ஜூல். அதில் சுழற்சி இயக்க ஆற்றல் எவ்வளவு?

N-இல் 30 பங்கு நகர்வுக்கு, மிச்சம் சுழற்சிக்கு. வட்டத்தட்டில் 45-இல் மிச்சம் 15, அதாவது மூன்றில் ஒரு பங்கு. 30 ஜூல். திண்மக் கோளமாக இருந்தால் 42-இல் 12, அதாவது 2/7. பாடநூலில் தனியாக மனப்பாடம் செய்யும் 2/7, 2/5, 1/3, 1/2 எல்லாமே இந்த நான்கு எண்களுக்குள் இருக்கின்றன.

கேள்வி 3. ஒரு திண்மக் கோளமும் ஓர் உள்ளீடற்ற கோளமும் ஒரே வேகத்தில் உருண்டு வந்து, நழுவாமல் ஒரு சாய்தளத்தில் ஏறுகின்றன. அடையும் உயரங்களின் விகிதம்?

42 : 50 = 21 : 25. வேறொன்றும் எழுத வேண்டாம்.

கேள்வி 4. R ஆரமுள்ள சீரான வட்டத்தட்டின் நிறை M. அதிலிருந்து R விட்டமுள்ள வட்டத்துண்டு, விளிம்பு தட்டின் மையத்தைத் தொடுமாறு வெட்டி எடுக்கப்படுகிறது. மையம் வழியே தளத்துக்குச் செங்குத்தான அச்சைப் பொறுத்து மீதிப் பகுதியின் நிலைமத் திருப்புத்திறன்?

இங்கே வேறு விகிதம் வேண்டும். ஒரே பொருள், ஒரே தடிமன் என்றால் தட்டின் நிறை R²-ஐப் பொறுத்தது. I-இல் இன்னொரு R² வருகிறது. ஆக I, R⁴-க்கு நேர்விகிதம். வெட்டிய துண்டின் ஆரம் பாதி, எனவே தன் மையத்தைப் பொறுத்து அதன் I முழுத்தட்டில் 1/16. ஆனால் நமக்கு வேண்டிய அச்சு அதன் விளிம்பில் இருக்கிறது. இணையச்சுத் தேற்றப்படி ½mr² + mr² = 3/2 mr², அதாவது மூன்று மடங்கு. போனது 3/16, மிச்சம் 13/16. முழுத்தட்டு ½MR² என்பதால் விடை 13/32 MR².

இதே யோசனையில் இன்னும் இரண்டு: ஒரே பொருளால் ஆன திண்மக் கோளங்களுக்கு I ∝ R⁵. ஒரே கம்பியை வெட்டி வளையமாக வளைத்தால் I ∝ L³. இவற்றை மனப்பாடம் செய்யாதீர்கள். நிறை எதைப் பொறுத்தது என்று ஒரு முறை கேட்டால் தானாக வந்துவிடும்.

கேள்வி 5. ஒரு திண்மக் கோளம் 70 செ.மீ. உயரத்திலிருந்து சொரசொரப்பான சாய்தளத்தில் உருண்டு இறங்கி, எதிரே உள்ள உராய்வே இல்லாத சாய்தளத்தில் ஏறுகிறது. எவ்வளவு உயரம் ஏறும்?

70 என்று எழுதத் தோன்றும். உராய்வு இல்லாத இடத்தில் சுழற்சியை நிறுத்த யாரும் இல்லை. கோளம் சுழன்றுகொண்டே ஏறும். உயரமாக மாறுவது நகர்வு ஆற்றல் மட்டும்: 70 × 30/42 = 50 செ.மீ.

கேள்வி 6. 45° சாய்தளத்தில் ஒரு வளையமும் ஒரு வட்டத்தட்டும் ஒரே நேரத்தில் விடப்படுகின்றன. நிலை, இயக்க உராய்வுக் குணகங்கள் இரண்டுமே 0.3. காலங்களின் விகிதம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கேள்வி 1 மாதிரியே இருக்கிறதே என்று 2 : √3 குறித்தால் தவறு. "நழுவாமல்" என்ற சொல் இங்கே இல்லை, கவனித்தீர்களா? நழுவாமல் உருள, உராய்வுக் குணகம் குறைந்தது tanθ × (N−30)/N இருக்க வேண்டும். tan 45° = 1. வளையத்துக்கு 30/60 = 0.5, வட்டத்தட்டுக்கு 15/45 = 0.33. கையில் இருப்பது 0.3. இரண்டுமே நழுவும். நழுவிவிட்டால் a = g(sinθ − μ cosθ); வடிவத்துக்கு அதில் இடமில்லை. விடை 1 : 1.

அதே தளத்தில் திண்மக் கோளத்தை விட்டால்? அதற்குத் தேவை 12/42 = 0.286. அது மட்டும் நழுவாமல் உருண்டு, மற்ற இரண்டையும் சற்றே முந்தும்: அதன் முடுக்கம் g sinθ-இல் 0.714 பங்கு, நழுவுபவற்றுக்கு 0.7.

சரி, இனி நீங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம், பேனா தொடாமல் மனக்கணக்காக:

7. திண்மக் கோளம், திண்ம உருளை: சாய்தளத்தில் நழுவாமல் உருளும்போது முடுக்கங்களின் விகிதம்?
8. சம நிறையுள்ள வட்டத்தட்டும் வளையமும் ஒரே வேகத்தில் உருள்கின்றன. நிறுத்தத் தேவையான வேலைகளின் விகிதம்?
9. L, 2L நீளமுள்ள ஒரே கம்பித் துண்டுகள் வளையங்களாக வளைக்கப்படுகின்றன. மைய அச்சைப் பொறுத்து I விகிதம்?
10. நழுவாமல் உருண்டு வந்த வளையம், உராய்வற்ற சாய்தளத்தில் 20 செ.மீ. ஏறி நின்றது. அதே வேகத்தில் வந்து சொரசொரப்பான தளத்தில் நழுவாமல் ஏறியிருந்தால்?

விடைகள்: 7) 45 : 42 = 15 : 14. 8) 45 : 60 = 3 : 4. 9) 1 : 8. 10) 20 × 60/30 = 40 செ.மீ.